400 பேரிடம் கேட்டால் போதுமா? ஊர் அளவிலான கருத்துக்கணிப்புக்கு மாதிரி அளவும் பிழை வரம்பும்

முதல் கருத்துக்கணிப்பை நாங்கள் எடுத்தபோது எங்களிடம் இருந்த ஒரே அறிவு, "384 பேர் போதும், ±5 சதவீதம் வரும்" என்ற வரிதான். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வயது வந்தோர் சுமார் 40,000 பேர் உள்ள ஊர். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றலாமா என்பது கேள்வி. 20 வார்டு, வார்டுக்கு 20 பேர், மொத்தம் 400. மாற்றலாம் 47 சதவீதம், வேண்டாம் 41, தெரியாது 12 என்று வந்தது. "மக்கள் மாற்றத்தை விரும்புகிறார்கள், பிழை வரம்பு ±5" என்று அறிக்கை கொடுத்தோம். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "இந்த ±5 எதுக்கு? 47-க்கா, 41-க்கா, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஆறுக்கா?" என்று கேட்டார். பதில் தெரியாமல் நின்றோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இந்தக் கணக்கெல்லாம் புரிந்தது. அதே ஊரில், அதே கேள்வியோடு இரண்டாவது முறை எடுத்தோம். நீங்கள் முதல் முறையிலேயே சரியாக எடுக்க, எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

1. எத்தனை பேர் என்பதற்கு முன், எதை முடிவு செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே வரி. முடிவு வந்ததும் யார் என்ன செய்யப் போகிறார்கள்? எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அவர்கள் அசைவார்கள்?

இரண்டாவது முறை நாங்கள், முடிவெடுக்கப் போகும் குழுவை உட்கார வைத்து இதைக் கேட்டபோது, ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், "இரண்டு தரப்புக்கும் நடுவில் 15 புள்ளி இடைவெளி இருந்தால் மட்டும் நடவடிக்கை, அதற்குக் கீழே என்றால் இழுபறி என்று எடுத்துக்கொள்வோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மாதிரி அளவு இந்த வரியிலிருந்துதான் பிறக்கிறது. முடிவு வந்த பிறகு இதை எழுதினால் பயன் இல்லை. கையில் இருக்கும் எண்ணுக்கு ஏற்ப எல்லையை வளைத்துவிடுவார்கள்.

இதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: வார்டு வாரியாக முடிவு வேண்டுமா? வேண்டும் என்றால் கணக்கே வேறு. வார்டுக்கு 20 பேர் என்றால், அந்த வார்டின் எண்ணுக்குப் பிழை வரம்பு ±22 புள்ளி. 50 சதவீதம் என்று வந்தது உண்மையில் 28-ஆகவும் இருக்கலாம், 72-ஆகவும் இருக்கலாம். எங்கள் முதல் அறிக்கையில் வார்டு வாரியாக வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் போட்டிருந்தோம். எல்லோருக்கும் பிடித்த பக்கம் அதுதான். அர்த்தமே இல்லாத பக்கமும் அதுதான்.

2. அடிப்படை எண்ணைப் போடுங்கள்: 385

எக்செல்லில் ஒரே வரி:

```
=ROUNDUP(1.96^2*0.25/0.05^2,0)
```

விடை 385. இதில் 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கை அளவுக்கான எண். 0.25 என்பது 0.5 × 0.5, அதாவது ஊர் சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் நிலை. பிழை மிக அதிகமாக இருக்கும் நிலை அதுதான் என்பதால் பாதுகாப்புக்கு அதையே வைக்கிறோம். 0.05 என்பது நீங்கள் ஏற்கும் பிழை, அதாவது 5 புள்ளி. அந்த இடத்தில் 0.03 போட்டால் 1,068 வரும். 0.10 போட்டால் 97. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும் என்பதை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். செலவு பேசும்போது யாராவது "±2.5 ஆக்கிடலாமே" என்று சாதாரணமாகச் சொல்வார்கள்.

ஊரின் அளவு இந்தக் கணக்கில் எங்கே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் எங்கேயும் இல்லை. சிறிய ஊருக்கு ஒரு திருத்தம் உண்டு. அதைப் போட்டாலும் 40,000 பேருக்கு 385 என்பது 382 ஆகும், 5,000 பேருக்கு 358 ஆகும். பத்து லட்சம் பேருக்கு 385-தான். ஆகவே "ஊரில் ஒரு சதவீதம் பேரையாவது கேட்க வேண்டாமா?" என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள். ஊர் அளவு வேலைக்கு அந்தத் திருத்தத்தை நான் போடுவதே இல்லை. அதில் மிச்சமாகும் மூன்று பேரைவிடப் பல மடங்கு பேரை அடுத்த படிகள் கேட்கப் போகின்றன.

3. ±5 என்றால் என்ன என்று உங்கள் கண்ணால் பாருங்கள்

விளக்கத்தைப் படித்து எனக்குப் புரியவில்லை; செய்து பார்த்தபோது புரிந்தது. ஓர் எக்செல் தாளில் இதைப் போட்டு 100 வரிசைக்கு இழுத்துவிடுங்கள்:

```
=BINOM.INV(400,0.5,RAND())/400
```

ஊரில் சரியாக 50 சதவீதம் பேர் "மாற்றலாம்" என்கிறார்கள். நூறு தனித்தனிக் குழுக்கள் ஆளுக்கு 400 பேரைக் கேட்டு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு குழுவின் முடிவு. ஒருவர் 48.5 என்கிறார், அடுத்தவர் 52.25, இன்னொருவர் 46. யாரும் தப்புச் செய்யவில்லை. சீட்டு விழுந்த விதம் அப்படி. 45-ஐயோ 55-ஐயோ தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் எண்ணிப் பாருங்கள். சுமார் ஐந்து பேர் இருப்பார்கள், சில சமயம் மூன்று, சில சமயம் ஏழு. ±5, 95 சதவீதம் என்பதன் முழு அர்த்தமும் இவ்வளவுதான்.

நீங்கள் அந்த நூறில் ஒரு குழு மட்டுமே. வெளியே விழுந்த ஐந்தில் நீங்கள் ஒருவரா என்று உங்கள் தாளைப் பார்த்துச் சொல்ல வழி கிடையாது.

இந்தச் சோதனையில் எதெல்லாம் இல்லை என்பதையும் கவனியுங்கள். வீட்டில் ஆள் இல்லாதவர் இல்லை. முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றியவர் இல்லை. "நெரிசலைக் குறைக்கப் பேருந்து நிலையத்தை மாற்றலாமா?" என்று பாதி விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்தவரும் இல்லை. பிழை வரம்பு அளப்பது சீட்டுக் குலுக்கலின் ஆட்டத்தை மட்டும். மற்றக் கோளாறுகள் எதுவும் அந்த ± குறிக்குள் அடங்காது.

4. வித்தியாசத்துக்குத் தனிக் கணக்கு உண்டு

பெரியவரின் கேள்விக்குப் பதில் இது: ±5 என்பது 47-க்கு. 41-க்கும் ஏறக்குறைய அதே. நடுவில் இருக்கும் ஆறுக்கு அல்ல. ஒரு பக்கம் ஒருவர் கூடினால் பெரும்பாலும் மறுபக்கத்தில் ஒருவர் குறைகிறார். அதனால் இடைவெளி இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடும். கணக்கு:

```
=1.96*SQRT((0.47+0.41-(0.47-0.41)^2)/400)
```

விடை 0.092, அதாவது சுமார் ±9. ஆறு புள்ளி முன்னிலை, கூட்டினால் 15, கழித்தால் "வேண்டாம்" தரப்பு மூன்று புள்ளி முன்னே. "மக்கள் விரும்புகிறார்கள்" என்று எழுத எங்களிடம் ஆதாரமே இல்லை.

மனக்கணக்குக்கு: இரண்டே தரப்பு மோதும் கேள்வியில், முன்னிலைக்கான பிழை தனி எண்ணுக்கான பிழையைப்போல் சுமார் இரண்டு மடங்கு. "தெரியாது" என்பவர்கள் அதிகமானால் கொஞ்சம் குறையும்.

இதை வைத்து முதல் படிக்குத் திரும்புங்கள். எங்கள் குழு கேட்டது 15 புள்ளி. முன்னிலைக்கான பிழையும் 15 ஆக இருந்தால் போதாது. உண்மையான இடைவெளி சரியாக 15 என்றால், ஏறக்குறையப் பாதி தடவை நம் தாளில் அதற்குக் கீழேதான் விழும். அப்போது சமநிலையிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட முடியாது. பிழையை 9, 10 அளவுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலான தடவை பிரித்துக் காட்டலாம். முன்னிலைக்கு ±10 என்றால் தனி எண்ணுக்கு ±5. ஆக, திரும்பவும் 385. ஆனால் இது சீட்டுக் குலுக்கி, ஊர் முழுக்கச் சிதறலாக எடுத்த 385. அடுத்த படி அங்கேதான்.

5. கொத்தாக எடுத்தால் 400 பேர் 400 பேர் இல்லை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சூட்டில் வேகிறது என்பதால். ஊர் அப்படி வேகாது. பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் இருப்பவர்களுக்கு இரைச்சல் போனால் போதும்; அங்கே கடை வைத்திருப்பவர்கள் இருக்கும் தெருவில் எல்லோருக்கும் ஒரே பயம். ஒரே தெருவில் 20 பேரைக் கேட்டால், இருபது கருத்து வராது. பத்துக் கருத்து இருபது குரலில் வரும்.

இதை அளக்கும் எண்ணுக்கு டிசைன் எஃபெக்ட் என்று பெயர். ஒரு கொத்தில், அதாவது ஒரே இடத்தில், நாம் கேட்கும் ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அக்கம்பக்கத்தார் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்ற எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒத்துப்போகும் எண் முன்கூட்டித் தெரியாது. நான் 0.05 என்று வைத்துத் தொடங்குகிறேன். இடத்தைப் பொறுத்துக் கருத்து மாறும் கேள்விகளுக்கு அது கூடுதலாகவும் இருக்கும்.

எங்கள் முதல் முறை: வார்டுக்கு ஒரு கொத்து, கொத்துக்கு 20 பேர். 19 × 0.05 = 0.95, ஒன்றைக் கூட்டினால் 1.95. 400-ஐ 1.95-ஆல் வகுத்தால் 205. நாங்கள் 400 பேரிடம் கேட்டோம். கிடைத்த துல்லியம் 205 பேருடையது. தனி எண்ணுக்குப் பிழை ±5 இல்லை, ±7. அந்த ஆறு புள்ளி முன்னிலைக்கு ±9 இல்லை, ±13.

மருந்து எளிது: கொத்துகளைக் கூட்டுங்கள், கொத்தின் அளவைக் குறையுங்கள். கொத்துக்கு 8 பேர் என்றால் 7 × 0.05 = 0.35, டிசைன் எஃபெக்ட் 1.35. தேவையான 385-ஐ இதால் பெருக்கினால் 520. அதாவது 65 கொத்து, கொத்துக்கு 8 பேர். அலைச்சல் கூடும், ஆனால் அந்த அலைச்சலுக்குப் பலன் உண்டு. பழையபடி 20 பேர் கொத்தாகவே எடுத்து இதே துல்லியத்தை அடைய 750 பேர் வேண்டும்.

6. பட்டியல் எடுங்கள், பெயர்களைப் பட்டியலிலிருந்து இழுங்கள்

வயது வந்தோரின் பெயர் தெரு வரிசையில் இருக்கும் பட்டியல் ஏதாவது வேண்டும். வாக்காளர் பட்டியல் பொதுவாகக் கிடைக்கும். அது எந்தத் தேதி வரை திருத்தப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் அதில் இருப்பார்கள்; புதிதாகக் குடிவந்தவர்கள் இருக்க மாட்டார்கள். இந்தக் குறை அறிக்கையில் ஒரு வரியாக வர வேண்டும்.

40,000 பெயர், 65 கொத்து. வகுத்தால் இடைவெளி 615. `RANDBETWEEN(1,615)` கொடுத்த எண் எங்களுக்கு 214. முதல் கொத்து 214-ஆவது பெயரில் தொடங்கும். அடுத்தது 829, அடுத்தது 1,444, இப்படி 65 இடம். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்த பெயர்களை எடுக்காமல், பத்துப் பெயருக்கு ஒன்றாக எடுத்தோம். ஒரே வீட்டில் நான்கு பேர் விழாமல் இருக்க இதுதான் வழி.

வீட்டுப் பட்டியல் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதற்கும் விதி வேண்டும். "இந்த வீட்டில் வயது வந்தவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கு?" என்று கேட்டு அவரையே எடுக்கலாம். அந்த வீட்டில் வயது வந்தோர் எத்தனை பேர் என்பதைப் படிவத்தில் கட்டாயம் குறியுங்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு வாய்ப்பு ஐந்தில் ஒன்று. தனியாக இருப்பவருக்கு முழு வாய்ப்பு. பிறகு எடை போட்டு, அதாவது ஆள் அதிகமுள்ள வீட்டின் பதிலைக் கூடுதலாக எண்ணி, சரி செய்ய அந்த எண் வேண்டும். எடை போட்டால் பிழையும் சற்றுக் கூடும்.

சந்தை வாசலில் நின்று கேட்பது, வாட்ஸ்அப்பில் படிவம் சுற்ற விடுவது இரண்டுக்கும் பிழை வரம்பே கிடையாது. 3,000 பேர் நிரப்பினார்கள் என்றால் கணக்கு ±1.8 என்று காட்டும். கணக்குக்கு யார் நிரப்பினார்கள் என்று தெரியாது.

7. கிடைக்காதவர்களை முன்கூட்டியே கணக்கில் சேருங்கள், ஆனால் மாற்று ஆள் வைக்காதீர்கள்

520 பதில் வேண்டும். பட்டியலில் உள்ள நூறு பேரில் 65 பேர் பதில் தருவார்கள் என்று வைத்தோம். 520-ஐ 0.65-ஆல் வகுத்தால் 800. 65 கொத்துக்குப் பிரித்தால் தலைக்கு 12.3, அதை 13 ஆக்கி, 845 பெயர் கொடுத்தோம். உங்கள் ஊரில் எவ்வளவு என்று தெரியாவிட்டால், இரண்டு கொத்தை மட்டும் முதலில் முடித்துப் பார்த்துவிட்டு மீதியை அச்சிடுங்கள்.

எங்கள் முதல் முறையின் பெரிய ஓட்டை இங்கேதான். காலை 10 மணிக்குப் போய் மாலை 4 மணிக்குத் திரும்பினோம். ஆள் இல்லை என்றால் பக்கத்து வீடு. 400 படிவமும் அழகாக நிரம்பின. ஒரு சாயங்காலம் படிவங்களைத் தொழில் வாரியாக அடுக்கியபோதுதான் உறைத்தது: தினமும் பேருந்தில் வேலைக்குப் போய் வருபவர்கள் அந்தக் கட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். பேருந்து நிலையம் பற்றிய கணிப்பில், பேருந்தில் போகிறவர்களை விட்டுவிட்டோம்!

இதன் விலையைக் கணக்கிடலாம். விட்டுப்போனவர்கள் ஊரில் 40 சதவீதம், அவர்களில் "மாற்றலாம்" என்பவர்கள் 15 புள்ளி குறைவு என்று வையுங்கள். 0.40 × 15 = 6. நாங்கள் சொன்ன 47 உண்மையில் 41. இந்த ஆறு புள்ளிச் சாய்வு 400-க்குப் பதில் 4,000 பேரைக் கேட்டாலும் குறையாது. பிழை வரம்பு மட்டும் குறுகி, தவறான எண்ணை இன்னும் உறுதியாகச் சொல்ல வைக்கும்.

அதனால் விதி: ஒரு பெயருக்கு மூன்று தடவை போக வேண்டும், அதில் ஒன்று மாலை 6 மணிக்குப் பிறகு, ஒன்று விடுமுறை நாளில். மூன்றாவது தடவையும் இல்லை என்றால் "ஆள் இல்லை" என்று எழுதி விட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டில் தட்டக்கூடாது. களத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் கசக்கும். படிவ எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் கட்டாயம் மீறுவார்கள். நாள் கணக்கில் கொடுங்கள்.

8. நாட்களும் காகிதங்களும்

பத்து நிமிடக் கேள்வித்தாள் என்றாலும், நடை, காத்திருப்பு, மறுபடி போவது எல்லாம் சேர்த்து ஒருவர் ஒரு நாளில் முடிப்பது எங்கள் அனுபவத்தில் எட்டுப் பதில்தான். 520-க்கு 65 ஆள்-நாள். ஐந்து பேர் என்றால் 13 நாள்; இடையில் இரண்டு வார இறுதி விழுமாறு தொடங்குங்கள். அதற்கு முன் பட்டியல் வாங்கிப் பெயர் இழுக்க ஒரு வாரம், பயிற்சிக்கும் முன்னோட்டத்துக்கும் இரண்டு நாள். பின்னால் பதிவேற்றவும் சரிபார்க்கவும் ஒரு வாரம். பணக் கணக்கைப் படிவத்துக்கு இவ்வளவு என்று போடாமல், ஆள்-நாள் கூலி, போக்குவரத்து, அச்சு என்று போட்டால்தான் மூன்று தடவை போகும் செலவு மறைந்து போகாது.

கையில் இருக்க வேண்டியவை: உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கொடுத்த தகவல் கடிதத்தின் நகல், ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை, பதில் சொல்வது விருப்பம்தான் என்று வாசித்துக் காட்டும் இரண்டு வரி. இவற்றைவிட முக்கியம் தொடர்புத் தாள். 845 பெயருக்கும் ஒவ்வொரு வரி. மூன்று தடவைக்கும் தேதி, நேரம், என்ன ஆனது. முடிந்தது, மறுத்தார், ஆள் இல்லை, பூட்டிய வீடு, ஊரில் இல்லை, இறந்துவிட்டார். நிரம்பிய படிவத்திலிருந்து பெயரைக் கிழித்து எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல் தனிப் பெட்டியில் இருக்கட்டும்.

முடிந்தவற்றில் பத்தில் ஒன்றை வேறொருவர் போய்ச் சரிபார்க்க வேண்டும். கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டாம். "யாராவது வந்தார்களா, எப்போது, பேசியது நீங்கள்தானா" என்ற மூன்று கேள்வி போதும். எங்களுக்கு ஒரே ஆளின் கட்டில் நான்கு வீடு "யாரும் வரலையே" என்றன. அந்த ஆள் முடித்த அத்தனையையும் மறுபடி எடுத்தோம். மூன்று நாள் கூடுதல்.

9. அறிக்கையில் என்ன எழுதுவது

இரண்டாவது முறை 512 பதில் கிடைத்தது. மாற்றலாம் 39, வேண்டாம் 48, தெரியாது 13. நான்காம் படியின் கணக்கில் இடைவெளிக்கு ±8. அதை டிசைன் எஃபெக்டின் வர்க்கமூலத்தால், அதாவது 1.16-ஆல், பெருக்கினால் ±9. பெருக்க மறந்துவிடாதீர்கள். முதல் முறை எடுத்ததற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உடனே கண்ணில் படும். ஆனாலும் ஒன்பதுக்கு ±9 என்றால் சமநிலையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. குழு எழுதி வைத்த 15 புள்ளியையும் தொடவில்லை.

அறிக்கையில் போட்ட வரி இது: "வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 845 பேரில் 512 பேர் பதிலளித்தனர். 'வேண்டாம்' தரப்பு 9 புள்ளி முன்னே உள்ளது. இந்த இடைவெளிக்கான பிழை வரம்பு சுமார் ±9 புள்ளி, 95 சதவீத நம்பிக்கை அளவில். பதிலளிக்காத 333 பேரின் கருத்து வேறுபட்டிருந்தால், அந்த மாறுபாடு இந்த வரம்பில் அடங்காது. குழு முன்பே வகுத்த விதிப்படி இது இழுபறி." கீழே கேள்வியின் முழு வாசகம், களப்பணி நடந்த தேதிகள், எத்தனை கொத்து என்ற விவரம். வார்டு வரைபடம் போடவில்லை.

கூட்டத்தில் அதே பெரியவர் இருந்தார். "இந்த ஒன்பது எதுக்கு?" என்றார். "நடுவுல இருக்கறதுக்கு, ஐயா" என்றேன்.